மூணு மணிக்கு எந்த ஆபீசும் திறந்திருக்காது

பஃபலோ ரோட்டில் அந்தக் கடைவீட்டின் மாடியை ஆறு அறையாகத் தடுத்திருந்தார்கள். தடுப்பு என்றதும் சுவர் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வெறும் பலகை. அந்தப் பலகையும் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் போய் நின்றுவிடும். காற்று வரட்டும் என்று விட்டிருப்பதாக வீட்டுக்காரன் சொல்வான். பலகையில் மிச்சம் பிடிக்கத்தான் விட்டான் என்பது வேலாயுதத்தின் தீர்மானம். எதுவானாலும், ஒரு அறையில் கருவாடு பொரித்தால் ஆறு அறைக்கும் மணம். ஒரு ஆள் புரண்டு படுத்தால் ஆறு அறைக்கும் சத்தம்.

வேலாயுதம் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கீழே தெருக்கதவில் ஒரு இரும்புத் தாழ் இருந்தது. கதவு இடுக்கில் விரலை விட்டு நெம்பினால் தூக்கிவிடலாம். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் அந்த வித்தை தெரியும். அதனால்தான் அவர் தன் சொந்தக் காசில் ஒரு சங்கிலியும் பித்தளைப் பூட்டும் வாங்கிப் போட்டார். ராத்திரி பத்து மணிக்குப் பூட்டி, சாவியைப் பச்சை பெல்ட்டில் சொருகிக்கொண்டு படுப்பார். பிறகு வருகிறவன் கீழே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். குரல் தெரிந்தால்தான் இறங்குவார்.

இப்படிப் பூட்டிக்கொண்டு படுத்த மனுஷனுக்கு அறுபத்தெட்டாம் வருஷம், தீபாவளி முடிந்த கையோடு, தூக்கம் போய்விட்டது.

பத்து மணிக்குப் படுத்தால் பதினொன்று வரை தூக்கம் வரும். பிறகு யாரோ தோளைத் தட்டியது போல முழிப்புத் தட்டும். அப்புறம் அவ்வளவுதான். கூரையில் பல்லி ஓடுகிறதை எண்ணலாம். கண்டாங் கர்பாவ் பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டி போகிற சத்தத்தைக் கேட்கலாம். பக்கத்தில் முத்தாயியின் மூச்சு. தடுத்த துணிக்கு அந்தப் பக்கம் மகள் கண்மணி. ராபின்சன் ரோட்டில் டைப்பிஸ்டு வேலை, இருபத்திரண்டு வயது, குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார். அதையெல்லாம் நினைத்தால் புரள வேண்டும். புரண்டால் கட்டில் பலகை முனகும்.

நாலாவது ராத்திரியோ ஐந்தாவதோ, பலகைக்கு மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணே. தூக்கம் வரலியா?”

அடுத்த அறை பிலோமினம்மாள். அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக ஆயா. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி. பகல் ஷிப்டு வாரத்திலும் அவருக்கு மூன்று மணிக்கு முழித்துத்தான் பழக்கம். புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே மகன் லாசரஸ், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பல் வேலைக்குப் போனவன்.

“சூடு. அதான்,” என்றார் வேலாயுதம்.

“மழை பெய்யுது, சூடுன்னு சொல்றீங்க.”

“உங்களுக்கு என்ன ஆயாம்மா? படுங்க.”

“நான் படுக்கிறேன். நீங்கதான் பலகையை ஒடைக்கப் பாக்குறீங்க. மணி மூணு. மூணு மணிக்கு எந்த ஆபீசும் திறந்திருக்காது. நீங்க மட்டும் ஏன் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

வேலாயுதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸ் என்ற வார்த்தை இந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்? எவனாவது சொல்லியிருப்பானா? கீழே டீக்கடை நெய்னா முகம்மதா? பிறகுதான், அது சும்மா பொதுவாகச் சொன்னது என்று புரிந்தது. புரிந்த பிறகும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

“எல்லாம் சரியாப் போயிடும்னு சொல்லுவீங்க. அதானே?” என்றார் கடுப்பாக.

“சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை எங்க வார்டுல நான் சொல்றதே கெடையாது. சரியாப் போவுமா போவாதான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பொம்பளை மூணாவது பொட்டப்புள்ளையைப் பெத்துப் போட்டுட்டு, புருஷன் வந்து என்ன சொல்வானோன்னு முழிச்சுக் கெடப்பா. அவகிட்டப் போய் எல்லாம் சரியாப் போயிடும்னா, உனக்கென்ன தெரியும்னு மூஞ்சியைத் திருப்பிக்குவா. அப்புறம் விடிய விடியத் தூங்க மாட்டா. பொய் சொன்னா மனசு காவலுக்கு எழுந்திரிச்சுக்கும்ணே.”

அது வேலாயுதத்துக்குப் பிடித்தது. ஆனால் பிடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அப்ப என்ன சொல்வீங்க?”

“சாப்பிட்டியான்னு கேப்பேன் மொதல்ல. அப்புறம் உண்மை எதுவோ அதை மட்டும் சொல்வேன். புள்ளைக்கு மூச்சு நல்லா இருக்கு. உனக்கு ரத்தம் நின்னுடுச்சு. கதவுகிட்ட நான் உக்காந்திருக்கேன். அவ்வளவுதான். சின்னதா, மெதுவா, ஒரே மாதிரி, ரெண்டு தரம். மூணாந்தரம் சொல்றதுக்குள்ள பாதிப் பேரு தூங்கிடுவாளுங்க.”

“தூங்காதவ?”

“தூங்காட்டி எழுந்து உக்காருன்னு சொல்லுவேன். தூக்கத்தோட மல்லுக்கட்டக் கூடாது. சுடுதண்ணி குடி, செத்த நேரம் உக்காரு, கண்ணு சொக்கினா படு. தூக்கம் வராட்டியும் பரவால்ல, ஒடம்பு நீட்டிக் கெடக்குதுல்ல, அதுவும் பாதிக் கூலி.”

பாதிக் கூலி என்றதும் வேலாயுதத்துக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷமாக ரோட்டு வேலை செய்கிறவர். மழை வந்து வேலை நின்றால் பாதிக் கூலி என்ன என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணி ஊற்றிக் குடித்தார். நாலு மணிக்குமேல் கொஞ்சம் கண் அசந்தது. அஞ்சரைக்கு லாரி.

ஆனால் அதெல்லாம் தலைவலிக்குத் தைலம் தடவுகிற மாதிரிதான். வலி அங்கேயே இருந்தது. அது ஒரு பழுப்பு உறை. அரிசி டின்னுக்கு அடியில், சாக்குக்கும் தரைக்கும் நடுவே, மூன்று வாரமாக இருந்தது. இங்கிலீஷில் அச்சடித்த விலாசம். அரசாங்க முத்திரை. அது வந்த அன்றைக்கு வேலாயுதம்தான் வீட்டில் இருந்தார். தபால்காரன் கொடுத்தான், வாங்கினார், வைத்தார். பிரிக்கவில்லை.

எதற்குப் பிரிக்க வேண்டும்? உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் கையில் இருந்தது நீலக் கார்டு, பிரஜை அல்லாதவனுக்குக் கொடுப்பது. முத்தாயிக்கும் கண்மணிக்கும் பிரஜைகளுக்கான ரோஸ் கார்டு. ஐம்பத்தேழாம் வருஷம் சமூக நிலையத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, எட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தவனெல்லாம் வந்து பிரஜையாகப் பதிந்துகொள்ளுங்கள் என்று மைக் வைத்துக் கத்தினார்கள். முத்தாயி சேலை கட்டிக்கொண்டு மகளையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். வேலாயுதம் போகவில்லை. கைநாட்டு வைத்துக் கொடுத்தால் ஊரில் அப்பன் நிலத்தில் பங்கு போய்விடும் என்று எவனோ சொன்னதை நம்பினார். எவனையும் நம்பாத ஆள், நம்பக் கூடாததை மட்டும் நம்பினார். வரிசையில் நிற்கிற முத்தாயியைத் தெருவில் வைத்தே “போய்க் கும்பிட்டு விழு, வெள்ளைக்காரன் அரிசி போடுவான்” என்று கேலி பேசினார். நிலத்தை அறுபதாம் வருஷம் தம்பி விற்றுச் சாப்பிட்டுவிட்டான். இப்போது நீலக் கார்டுக்காரனுக்கு வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். சிமாங்கில் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தை மூடப்போகிறார்கள், பிரஜைகளுக்கே வேலை இல்லை, நீலக் கார்டெல்லாம் கப்பலேற வேண்டியதுதான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு அந்தக் கடிதத்தை அவர் மனசுக்குள் படிப்பார். உன் பெர்மிட் முடிந்தது. நாகப்பட்டினத்துக்குப் போ. முப்பத்தொரு வருஷம் கழித்து அங்கே போய் யார் வாசலில் நிற்பது? குவீன்ஸ்டவுன் வாத்தியார் வீட்டில் என்ன சொல்வார்கள், அப்பனை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றா? ஒவ்வொரு ராத்திரியும் கடிதத்தில் ஒரு வரி கூடும்.

புதன்கிழமை புக்கிட் மேராப் பக்கம் வேலை. புதுசாக வந்த ப்ளாட்டுகளுக்கு ரோடு. தார் கொப்பரையில் வேலாயுதம் நின்றார். தார் எப்போது பக்குவம் என்று தெரியக் குச்சியைவிட்டு எடுத்து, ஒழுகுகிற இழையைப் பார்க்க வேண்டும். கஞ்சி மாதிரி அறுந்து விழுந்தால் இன்னும் தீ வேண்டும். நூல் மாதிரி நீண்டு விழுந்தால் சரி. அதிகம் விட்டால் மஞ்சள் புகை வரும், தார் செத்துப்போகும். கப்பியைப் பரப்பியாகிவிட்டது, உருளை வண்டி தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வானம் கறுத்து வந்தது. மழைக்கு முன்னால் ஊற்றியாக வேண்டும். வாளியில் மோந்து எடுத்து நாலு எட்டு வைத்த வேலாயுதம், நின்ற வாக்கிலேயே கண்ணை மூடினார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. வாளி சாய்ந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குத் தார் வழிந்தது.

“ஓய்! வேலாயுதம்!” ஆட்களை மேய்க்கிற மண்டோர் இப்ராஹீம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். “உரிக்காதே! தாரை உரிச்சா தோலோட வரும். அப்படியே தண்ணிக்குள்ள வையி. நீ தூங்கினியா?”

“இல்ல மண்டோர். கால் வழுக்குச்சு.”

“கால் வழுக்கினவன் கண்ணைத் தொறந்துக்கிட்டு விழுவான். நான் பாத்தேன். நாளைக்கு வேலைக்கு வராதே, வெள்ளிக்கிழமையும் வராதே. இந்தக் கண்ணோட கொப்பரைகிட்ட நின்னா உன்னை மட்டும் கொல்ல மாட்டே, கூட நிக்கிற நாலு பேரையும் கொல்லுவே.”

ஆஸ்பத்திரியில் தாரைக் கரைத்து எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ராத்திரி முத்தாயி ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவள் கேட்கிற விதம். கண்மணிதான் கத்தினாள்.

“அப்பா, ஒழுங்கா டாக்டர்கிட்ட ஸ்லீப்பிங் பில் கேக்கலாம்லா. எத்தனை நாளா இப்படி? ஆபீஸ்ல நான் தப்புத் தப்பா டைப் பண்றேன், நீங்க புரள்ற சத்தத்துல.”

“நீ காதைப் பொத்திக்கிட்டுத் தூங்கு.”

பத்து மணிக்கு ஒற்றைக் கையால் பூட்டைப் போட்டார். பதினொன்றுக்கு முழித்தார். கை எரிந்தது. மூன்று மணி வரை பொறுத்தார். பிறகு அவரே கூப்பிட்டார்.

“ஆயாம்மா.”

“சொல்லுங்கண்ணே.” தூக்கக் கலக்கமே இல்லாத குரல்.

“வார்டுல... ரொம்பப் பயந்து கெடக்கிற பொம்பளைகிட்ட என்ன சொல்வீங்க?”

“என்ன பயம்னு கேப்பேன். மனசுக்குள்ள இல்ல, வாயைத் தொறந்து சொல்லச் சொல்லுவேன். உள்ளயே வச்சிருந்தா அது ராத்திரியெல்லாம் வளரும். வாய்க்கு வெளிய வந்தா, அது எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். டாக்டர்கிட்ட எங்கயோ வலிக்குதுன்னா ஒண்ணும் ஆவாது. இங்கன்னு விரலை வச்சுக் காட்டணும்.”

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“ஒரு கடுதாசி வந்திருக்கு. பெர்மிட் ஆபீஸ்லேருந்து,” என்றார் வேலாயுதம். பக்கத்தில் முத்தாயியின் மூச்சு நின்றது. அவள் தூங்கவில்லை. எப்போதுமே தூங்கியிருக்க மாட்டாள் போலிருக்கிறது.

“என்ன எழுதியிருக்கு?”

“என்னை ஊருக்கு அனுப்புறாங்க.”

“அப்படியா எழுதியிருக்கு? எந்தத் தேதிக்கு?”

“அது... தேதி தெரியாது.”

“யாரு படிச்சா?”

“யாரும் படிக்கல. வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் பிரிக்கல.”

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் பிலோமினம்மாள் அழுகிறார் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

“மூணு வாரமாவாண்ணே? மூணு வாரமா நீங்க படிச்சுக்கிட்டிருக்கிறது நீங்களே எழுதின கடுதாசியா?”

“வேற என்ன எழுதியிருப்பான்? ஆபீஸ்காரன் நல்ல சேதியையா முத்திரை குத்தி அனுப்புவான்?”

“நல்லதுன்னு நான் சொல்லல. கெட்டதாவே இருக்கட்டும். கெட்டதுக்கும் ஒரு தேதி இருக்கும், ஒரு வாசல் இருக்கும், ஒரு மேஜை இருக்கும். அதுல போய் நிக்கலாம். உங்க கடுதாசியில வாசலே இல்லியே.”

இப்போது முத்தாயி எழுந்து உட்கார்ந்தாள். “எங்க வச்சிருக்கீங்க?”

“அரிசி டின்னுக்குக் கீழ.”

“நெதம் அதுமேலதான் உக்காந்து அரிசி களையிறேனா நான்?” அவள் அழவில்லை. “மகளை எழுப்பட்டுமா?”

“வேணாம்,” என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. வேலாயுதம் சொன்னது பயத்தில். பிலோமினம்மாள் சொன்னது வேறு.

“ராத்திரியில பிரிக்காதே முத்தாயி. மூணு மணிக்குப் படிச்சா நல்ல கடுதாசியும் கெட்டதாத்தான் தெரியும். காலையில மூஞ்சி கழுவிட்டு, வெளிச்சத்துல, காப்பி குடிச்சுட்டுப் பிரிங்க. அண்ணே, நாளைக்குச் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணுதான்.”

“கண்மணிகிட்டக் கடுதாசியைக் குடுக்கணும்.”

“அவ்வளவுதான். அதுக்கு மேல நாளைக்கு வேலை இல்ல. இப்ப கண்ணை மூடிக்கிட்டு ஆளை எண்ணுங்க. அதைத்தான் நான் கடைசி மருந்துன்னு வச்சிருக்கேன். முத்தாயி உள்ள இருக்கா. கண்மணி உள்ள இருக்கா. டின்னுல அரிசி இருக்கு. கதவு பூட்டியிருக்கு. இன்னிக்கு ராத்திரிக்கு இவ்வளவு போதும்.”

வேலாயுதம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முத்தாயி, உண்மை. துணிக்கு அந்தப் பக்கம் கண்மணியின் குறட்டை, உண்மை. அரிசி, சனிக்கிழமைதான் வாங்கியது. கதவை அவரே பூட்டியது. பொய் எதுவும் அகப்படவில்லை. பொய் இல்லாததைச் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“நீங்களும் இப்படித்தான் எண்ணுவீங்களா ஆயாம்மா?”

“எனக்கு வேற இருக்குண்ணே. படுங்க.”

அன்றைக்கு அவர் லாரி ஹாரன் அடித்ததுகூடத் தெரியாமல் தூங்கினார்.

காலையில் கண்மணி உறையைப் பிரித்தாள். நின்றுகொண்டே படித்தாள்.

“அப்பா, இது எப்போ வந்தது?”

“மூணு வாரம் இருக்கும்.”

“மூணு வாரமா! இதுல ஊருக்குப் போகச் சொல்லல. பெர்மிட்டு இந்த மாசக் கடைசியில முடியுது. புதுப்பிக்கணும்னா கார்டோட நேர்ல வரணும். இத்தனை வருஷமா இங்கதான் இருந்தீங்க, இங்கதான் வேலை செஞ்சீங்கங்கறதுக்கு ரெக்கார்டு கொண்டு வரணும். லாஸ்ட் டேட் நாளைக்கு. வெள்ளிக்கிழமை. வராட்டி வேணாம்னு எடுத்துக்குவாங்களாம்.”

வேலாயுதம் அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிரிக்காமல் இன்னும் ரெண்டு ராத்திரி முழித்துக் கிடந்திருந்தால், அவர் எழுதிய கடிதம் உண்மையாகவே ஆகியிருக்கும்.

“ரெக்கார்டுக்கு எங்க போறது?” என்றாள் கண்மணி. “நீங்க எதை வச்சிருக்கப் போறீங்க?”

முத்தாயி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்து நடுவில் வைத்தாள். பிறகு இன்னொன்று. வேலாயுதம் யாரையும் நம்புகிறவர் இல்லை. வாடகை கொடுத்தால் துண்டுச் சீட்டு வாங்காமல் நகர மாட்டார், வீட்டுக்காரன் ஒருநாள் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுவான். சம்பள நாளில் உறையைத் தூக்கிப் போட மாட்டார், குறைத்துக் கொடுத்துவிட்டு முழுசாகக் கொடுத்தோம் என்பான். எல்லாம் இருந்தது. சணலால் கட்டி, வருஷ வாரியாக. ஜப்பான்காரன் போன பிறகு வாங்கிய முதல் வாடகைச் சீட்டிலிருந்து போன மாதம் வரை. நாற்பத்தெட்டாம் வருஷம் முதல் தடவை கார்டு கொடுத்தபோது எடுத்த போட்டோவின் மிச்சப் பிரதிகூட இருந்தது. அதில் அவருக்குத் தலைமுடி இருந்தது.

“நம்ப மாட்டேன், நம்ப மாட்டேன்னு சேத்த குப்பை,” என்றாள் முத்தாயி. “எத்தனை தரம் அடுப்புல போடறேன்னு சொல்லியிருப்பேன்.”

அன்றைக்கே போனார்கள். கண்மணி அரை நாள் லீவு போட்டாள். ஹேவ்லாக் ரோடு ஆபீசில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. முழுக்க நீலக் கார்டு. சீனக் கிழவர்கள், தமிழ் ஆட்கள், ஒரு மலையாளத்துக்காரர் பாயில் சுருட்டிய காகிதத்தோடு. அவர்கள் முறை வர மூன்று மணி நேரம் ஆனது. மேஜையில் ஒரு சீனப் பெண். கண்மணி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். வேலாயுதம் அவளைத் தள்ளிவிட்டு, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், தானே பேசினார். இது அவர் வாசல், அவர்தான் நிற்க வேண்டும். டின் மூடியைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள், சணலை அவிழ்த்தாள், இன்னொரு கட்டை எடுத்தாள். பிறகு பின்னால் திரும்பி ஏதோ சொல்ல, இன்னும் ரெண்டு பேர் எழுந்து வந்து டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“சுக்குப், பாச்சிக், சுக்குப்,” என்றாள் அவள் சிரித்துக்கொண்டு. போதும் பெரியவரே, போதும்.

பெர்மிட்டில் முத்திரை விழுந்தது. பெண்டாட்டி பிரஜை, இத்தனை வருஷம் இங்கே இருந்திருக்கிறீர்கள், நீங்களே பிரஜையாக எழுதிக் கேட்கலாம் என்று ஒரு பாரத்தையும் கொடுத்தாள். கிடைக்கும் என்று அவள் சொல்லவில்லை. கேட்கலாம் என்றுதான் சொன்னாள். அது வேலாயுதத்துக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்மணியை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கட்டைவிரலை மையில் வைத்தார். முத்தாயி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போய்க் கும்பிட்டு விழுங்க,” என்றாள். பதினோரு வருஷம் வைத்திருந்து சொன்னாள்.

“விழுறேன் போ,” என்றார்.

டிசம்பரில் மழை விடாமல் பிடித்தது. கையில் தோல் ஆறி, ரோஸ் கார்டு நிறத்துக்கு வந்திருந்தது. வேலாயுதம் ஆளை எண்ணுவார், அரிசியை எண்ணுவார், கதவு வருவதற்குள் தூங்கிவிடுவார். ஒரு ராத்திரி மட்டும் முழிப்புத் தட்டியது. கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருந்தது. முனகியது அவர் கட்டில் பலகை இல்லை. அந்தப் பக்கம்.

ஒரு தரம். இரண்டு தரம். பிறகு எழுந்து உட்காருகிற சத்தம். பிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம்.

“ஆயாம்மா.”

“ஒண்ணுமில்லண்ணே. தூங்குங்க.”

“மழை பெய்யுது, ஒண்ணுமில்லன்னு சொல்றீங்க. எங்க வலிக்குதுன்னு விரலை வச்சுக் காட்டுங்க.”

பிலோமினம்மாள் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

“சாயங்காலம் நெய்னா முகம்மது சொன்னாரு. போன கிறிஸ்மஸ் ராத்திரி லாசரஸ் வந்தானாம். கீழ கடை வாசல் அஞ்சடி நடையில நின்னானாம். இவரு கடையைச் சாத்திக்கிட்டிருந்தாராம். கதவைத் தள்ளிப் பாத்தானாம், சங்கிலி சத்தம் கேட்டுச்சாம். கூப்பிடாம திரும்பிப் போயிட்டானாம். இத்தனை நாள் மனசு வராம இன்னிக்குத்தான் சொல்றாரு. இந்த வருஷமும் அவன் கப்பல் வந்திருக்குன்னு ஓஃபிர் ரோடு மாதா கோயில்ல ஒருத்தன் சொன்னான்.”

வேலாயுதம் வாயைத் திறந்தார். ஆளை எண்ணச் சொல்லலாம் என்று நினைத்தார். முதல் ஆளிலேயே நின்றுபோனார். அந்த அறையில் எண்ணுவதற்கு ஒருத்தர்தான். இந்த மனுஷி ரெண்டு வருஷமாக ஊர்ப் பொம்பளைக்கெல்லாம் ஆள் எண்ணிக் கொடுத்துவிட்டு, தன் எண்ணிக்கையை முடிக்க முடியாமல் படுத்திருக்கிறார். எல்லாம் சரியாப் போயிடும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். பொய் சொன்னால் மனசு காவலுக்கு எழுந்துகொள்ளும்.

எழுந்தார். பெல்ட்டைத் தடவி எடுத்துக்கொண்டு இருட்டில் படி இறங்கினார். ஒவ்வொரு படியும் முனகியது, ஆறு அறைக்கும் கேட்டிருக்கும். கீழே பூட்டைத் திறந்தார். சங்கிலியை வளையத்திலிருந்து உருவினார். ஈரத்தில் அது ஜில்லென்று இருந்தது. தாழை மட்டும் போட்டார். விரலை விட்டு நெம்பினால் தூக்கிவிடலாம். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வித்தை தெரியும்.

மேலே வந்து சங்கிலியை அரிசி டின்மேல் வைத்தார். அது வைக்கிற சத்தம் பலகையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

“என்னண்ணே செஞ்சீங்க?”

“தாழ் மட்டும் போட்டிருக்கேன். இனிமே அப்படித்தான்.”

“திருடன் வந்தா?”

“வரட்டும். வந்து ரெண்டு டின் வாடகைச் சீட்டைத் தூக்கிட்டுப் போகட்டும்.”

முத்தாயி இருட்டில் சிரித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

“அவன் வருவான்னு சொல்றீங்களா?”

“சொல்லல. வருவானா மாட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்? வந்தா சங்கிலி தடுக்காது. அது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்றேன். படுங்க ஆயாம்மா. மணி மூணு. எந்த ஆபீசும் திறந்திருக்காது.”

கொஞ்சம் கழித்து, “கதவு திறந்திருக்கு,” என்றார் வேலாயுதம்.

அந்தப் பக்கம் பலகை ஒரு தரம் முனகியது. வேலாயுதம் காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு தரம் முனகுமா என்று காத்திருந்தார். முனகவில்லை.